காய்ச்சல் வேண்டாம், காரணம் போதும்

பள்ளிக்கூடத்தில் நாம் முதன்முதலாக எழுதக் கற்ற கடிதம் விடுப்புக் கடிதம்தான். அதில் வருகிற காரணமும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றே: ‘எனக்குக் கடுமையான காய்ச்சல் இருப்பதால்...’. உடம்பு நன்றாக இருந்த நாளிலும் அந்த வரியைத்தான் கரும்பலகையில் இருந்து பார்த்து எழுதினோம். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போவதையோ, அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம் என்பதையோ எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒருவருக்கு மூன்று பாட்டிகள் இறந்துபோன கதையும், ஒரே தாத்தா இரண்டு முறை காலமான கதையும் இல்லாத அலுவலகம் தமிழ்நாட்டில் அரிது.

இப்படி எழுதுவதற்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. காரணம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு உறுதியாக விடுப்பு கிடைக்கும் என்பதுதான் அது. மேலதிகாரி ஒரு தராசை வைத்துக்கொண்டு நம் துயரத்தை எடை போடுவதாக நினைக்கிறோம். தராசு இருப்பது உண்மைதான். ஆனால் அதில் அவர் வைத்துப் பார்ப்பது வேறு.

விதி எதைப் பார்க்கச் சொல்கிறது?

தமிழக அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் 67-ஆவது விதி சுருக்கமானது. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது. பொதுப்பணியின் தேவையை முன்னிட்டு அதை மறுக்கவோ, கொடுத்ததைத் திரும்பப் பெறவோ அதிகாரிக்கு உரிமை உண்டு என்கிறது அது. படித்தவுடன் கடுமையாகத் தோன்றும். ஆனால் மறுப்பதற்கு அந்த விதி சொல்லும் அடிப்படையைக் கவனியுங்கள். பணியின் தேவை என்கிறதே தவிர, ஊழியரின் காரணம் சிறியதா பெரியதா என்று அளக்கச் சொல்லவில்லை. ‘இந்த மூன்று நாள் இவர் இல்லாவிட்டால் வேலை நடக்குமா?’ என்பதுதான் அதிகாரி முன் இருக்கும் கேள்வி.

தனியார் துறையிலும் கதை இதுதான். கடைகளுக்கும் நிறுவனங்களுக்குமான 1947-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம், ஊதியத்தோடு கூடிய வருட விடுமுறை 12 நாட்கள், உடல்நலமின்மைக்கு 12 நாட்கள், இவை போக ‘நியாயமான எந்தக் காரணத்துக்கும்’ தற்செயல் விடுப்பு 12 நாட்கள் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. மூன்றாவது வகைக்குக் காய்ச்சல் தேவையே இல்லை. காய்ச்சலுக்கு ஏற்கெனவே தனிக் கணக்கு இருக்கிறது. பத்திரப் பதிவு, பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை, தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகை எல்லாமே நியாயமான காரணங்கள்தாம். சட்டமே ஏற்றுக்கொண்டதை மறைத்துவிட்டு, கேட்காத ஒன்றை நாம் இட்டுக்கட்டுகிறோம்.

அரசு அலுவலகத்தில் ‘சி.எல்.’ என்று சொல்லும் தற்செயல் விடுப்பும் ஆண்டுக்கு 12 நாட்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அது விடுப்புக் கணக்கிலேயே வராது. அந்த நாளில் பணியில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளும் சலுகை அது. அன்றாட வாழ்க்கையின் சின்னச் சின்ன வேலைகளுக்கென்றே வைத்த சலுகையை வாங்க மரணப்படுக்கை வரை போக வேண்டியதில்லை.

இரண்டு கடிதங்கள்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓர் இளநிலை உதவியாளர். அவருடைய அம்மாவுக்கு மதுரையில் கண்புரை அறுவை சிகிச்சை. செவ்வாய்க்கிழமை, 14-ஆம் தேதி. ‘கண் ஆபரேஷன் இப்போதெல்லாம் சின்ன விஷயம், அதற்கு மூன்று நாளா?’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கத்தில், 14-ஆம் தேதி காலையில் இப்படி எழுதி அனுப்புகிறார்:

‘ஐயா, நேற்று இரவு முதல் எனக்குத் திடீரெனக் கடுமையான காய்ச்சலும் தாங்க முடியாத தலைவலியும் ஏற்பட்டுப் படுக்கையை விட்டு எழ இயலாத நிலையில் உள்ளேன். மருத்துவர் முழு ஓய்வு எடுக்குமாறு அறிவுறுத்தியுள்ளார். எனவே எனது நிலையைக் கருணையுடன் பரிசீலித்து விடுப்பு வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.’

பிழை இல்லாத, மெருகேறிய கடிதம். விடுப்பும் கிடைத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலதிகாரி என்ன ஏற்பாடு செய்ய முடியும்? காய்ச்சல் என்றால் நாளையோ மறுநாளோ வந்துவிடுவார் என்று எண்ணி, அவருடைய இருக்கையின் வேலையை யாரிடமும் ஒப்படைக்க மாட்டார். படுக்கையில் இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று போன் செய்யவும் தயங்குவார். புதன்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஓர் அறிக்கையைக் கேட்டு அழைப்பு வரும். கோப்பு எந்த அலமாரியில், எந்தக் கட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் அவரோ போனை எடுக்கப் பயப்படுவார். பின்னணியில் ‘டோக்கன் நாற்பத்திரண்டு’ என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது?

இன்னொரு சிக்கலும் உண்டு. கண்புரைக்கு அறுவை நாளோடு வேலை முடியாது. மறுநாள் கட்டுப் பிரித்துப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் என்று எழுதியவர் அடுத்த வாரம் மறுபடி ஒரு நாள் கேட்க என்ன சொல்வார்? காய்ச்சல் திரும்பி வர வேண்டும், அல்லது அம்மாவுக்குத் திடீரென்று ‘இப்போதுதான்’ கண் நோய் வர வேண்டும். முதல் காரணம் இரண்டாவது காரணத்தின் வழியை அடைத்துவிட்டது.

இதே ஊழியர் அதற்கு முந்தைய வாரமே இப்படி எழுதியிருந்தால்:

‘ஐயா, என் தாயாருக்கு 14-ஆம் தேதி செவ்வாயன்று மதுரையில் கண்புரை அறுவை சிகிச்சை நடக்கிறது. உடன் இருக்க வேறு ஆள் இல்லை. 14, 15, 16 ஆகிய மூன்று நாட்கள் தற்செயல் விடுப்பும், தலைமையிடத்தை விட்டு வெளியே செல்ல அனுமதியும் வேண்டுகிறேன். மாதாந்திர அறிக்கையை 13-ஆம் தேதிக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன். அவசரத் தபால்களைப் பார்த்துக்கொள்ள அடுத்த இருக்கை உதவியாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அறுவை நடக்கும் நேரம் தவிர போனில் கிடைப்பேன். 22-ஆம் தேதி மறுபரிசோதனைக்கு மேலும் ஒரு நாள் தேவைப்படலாம். உறுதியானதும் தனியே எழுதுகிறேன்.’

இதில் மிகைப்படுத்தும் ஒரு பெயரடைகூட இல்லை. ‘கடுமையான’, ‘தாங்க முடியாத’, ‘கருணையுடன்’ எதுவும் இல்லை. ஆனால் அதிகாரி தீர்மானிக்க வேண்டிய எல்லாம் இருக்கிறது: எத்தனை நாள், எந்த வகை விடுப்பு, வேலையை யார் பார்ப்பார், அவசரம் என்றால் ஆளைப் பிடிக்க முடியுமா, அடுத்து எப்போது கேட்பார். அறுவை ஒரு நாள் தள்ளிப்போனாலும், ‘ஐயா, நாளைக்குத்தான் செய்கிறார்களாம்’ என்று ஒரு வரி செய்தி போதும். முதல் கடிதத்தை எழுதியவருக்கு அந்த வசதி இல்லை.

உண்மைக் காரணத்தின் பலன் இதுதான். காரணம் உண்மையானால் தேதி, கால அளவு, அடுத்த கட்டம் எல்லாம் அதிலிருந்து தாமாகவே வந்துவிடும். இட்டுக்கட்டிய காரணத்தில் அவற்றையும் ஒவ்வொன்றாக இட்டுக்கட்ட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் நினைவிலும் வைத்திருக்க வேண்டும். கே. பாலசந்தரின் ‘தில்லு முல்லு’ (1981) படம் முழுக்க இந்த ஒரு சங்கடத்தில்தான் ஓடுகிறது. கால்பந்து பார்க்கப் பொய் சொல்லி விடுப்பு எடுத்தவரை முதலாளி மைதானத்திலேயே பார்த்துவிடுகிறார். அதைச் சமாளிக்க மீசையில்லாத ஒரு தம்பியை உண்டாக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு ஓர் அம்மாவையும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

சின்ன உதவிக்கு ஏதோ ஒரு காரணம், பெரிய உதவிக்கு?

‘இதெல்லாம் சரி, எத்தனையோ பேர் காய்ச்சல் என்று எழுதி நிம்மதியாக விடுப்பு வாங்குகிறார்களே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை தேட ஒரு பழைய ஆய்வு உதவுகிறது. அமெரிக்க உளவியலாளர் எலன் லாங்கரும் அவருடைய சகாக்களும் 1978-இல் வெளியிட்டது அது. நியூயார்க்கில் ஒரு பல்கலைக்கழகத்தில், நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் போய், ‘நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்க வைத்தார்கள்.

ஐந்து பக்கம்தான் என்றபோது, காரணமே சொல்லாமல் கேட்டவர்களுக்கு 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். ‘அவசரமாகப் போக வேண்டும்’ என்று சொன்னவர்களுக்கு 94 சதவீதம் பேர். வேடிக்கை என்னவென்றால், ‘நான் நகல் எடுக்க வேண்டும், அதனால்’ என்ற பொருளற்ற காரணத்துக்கும் 93 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். கேட்பது சிறியதாக இருந்தால், காரணம் போல ஒலிக்கும் எதுவும் போதுமாக இருந்தது.

அதையே இருபது பக்கம் என்று கேட்டபோது நிலைமை மாறிவிட்டது. காரணம் சொல்லாதவருக்கும் 24 சதவீதம், பொருளற்ற காரணம் சொன்னவருக்கும் அதே 24 சதவீதம். உண்மையான காரணம் சொன்னவருக்கு மட்டும் 42 சதவீதம். தனக்கு இழப்பு கூடும்போது, கொடுப்பவர் காரணத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்குகிறார்.

விடுப்புக் கடிதத்துக்கும் இது பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது. வேலை குறைந்த ஒரு வியாழக்கிழமையில் ஒரு நாள் சி.எல். கேட்டால் காய்ச்சலும் செல்லும், ‘சொந்த வேலை’யும் செல்லும். அந்த நாளில் வெற்றிபெற்றது நம் கடிதத்தின் மெருகு என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அங்கே எந்தக் காரணமும் செல்லுபடியாகியிருக்கும். கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்திலோ, தேர்தல் பணி நேரத்திலோ, ஆள் குறைந்த வாரத்திலோ ஐந்து நாள் கேட்கும்போதுதான் காரணம் சோதனைக்கு வருகிறது. அப்போது நமக்குப் பழகிப்போன காய்ச்சல் உதவாது.

கண்டுபிடிப்பது முகம் அல்ல, பதிவேடு

பொய்யை அதிகாரி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பயமுறுத்துவதும் சரியல்ல. மனிதர்கள் பொய்யை இனங்காண்பதில் கெட்டிக்காரர்கள் இல்லை. இதுபற்றிய நூற்றுக்கணக்கான சோதனைகளை ஒன்றுசேர்த்து 2006-இல் பாண்ட், டிபௌலோ என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, சரியாகக் கண்டுபிடித்த அளவு சராசரியாக 54 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

மெருகான காரணம் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். அதிகாரி ஒரு கடிதத்தை மட்டும் படிப்பதில்லை. அதற்கு முந்தைய கடிதங்களும் வருகைப் பதிவேடும் அவர் மேசையில் இருக்கின்றன. திங்கட்கிழமைகளில் மட்டும் வரும் வயிற்றுப்போக்கு, தீபாவளிக்கு மறுநாள் தவறாமல் வரும் தலைசுற்றல், ஒரே ஆண்டில் இரண்டு முறை நடந்த ‘நெருங்கிய உறவினர் மறைவு’ எல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் நம்பத்தகுந்தவை. வரிசையாகப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். போதாக்குறைக்கு, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நம் சித்தப்பா மகனே போட்டுவிடுவான்.

பெரும்பாலான அதிகாரிகள் இதைக் கேட்டுச் சண்டை போட மாட்டார்கள். மனதில் குறித்துக்கொள்வார்கள். அதன் விலையை நாம் கொடுப்பது பிறகு, நிஜமாகவே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாளில். அன்று எழுதும் ‘கடுமையான காய்ச்சல்’ என்ற சொற்கள் ஏற்கெனவே பலமுறை செலவழிக்கப்பட்டவை.

நாட்கள் கூடும்போது கடிதத்தோடு மருத்துவச் சான்றும் சேர்கிறது. இங்கே விளையாட்டு முற்றிலும் மாறுகிறது. தெரிந்த டாக்டரிடம் ஒரு தாள் வாங்கிவிடலாம் என்று எளிதாகப் பேசுகிறோம். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கொடுத்த ஒவ்வொரு சான்றின் விவரத்தையும் அவர் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். நகல் வைத்திருக்க வேண்டும். நோயாளியின் கையெழுத்து அல்லது கைரேகை, முகவரி, ஓர் அங்க அடையாளம் ஆகியவற்றைச் சான்றில் பதிய வேண்டும். பொய்ச் சான்று தருவது மருத்துவருக்கே தொழில் ஒழுங்கீனம். அதாவது, ஒரு திருமணத்துக்குப் போவதற்காக வாங்கிய தாள், இன்னொருவருடைய பதிவேட்டையும் பதிவு எண்ணையும் பணயம் வைக்கிறது. விசாரணை என்று வந்துவிட்டால், கேள்வி ‘ஏன் வரவில்லை?’ என்பதிலிருந்து ‘ஏன் பொய் ஆவணம் கொடுத்தாய்?’ என்பதற்கு மாறிவிடும். முதலாவது ஒரு நாள் சம்பளத்தோடு முடியக்கூடியது. இரண்டாவது அப்படி முடியாது.

அரசு ஊழியருக்கு இதில் இன்னொரு நட்டமும் உண்டு. மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் ஈட்டா விடுப்புக்குப் பணிக்காலத்தைப் பொறுத்து உச்சவரம்பு இருக்கிறது. வராத நோய்க்காக எடுக்கும் ஒவ்வொரு நாளும், நாளை வரப்போகும் நோய்க்கான இருப்பிலிருந்துதான் கழிகிறது. சொந்தக் காரணம் என்று சொல்லி ஈட்டிய விடுப்பு கேட்டிருந்தால் அந்த இருப்பு அப்படியே இருந்திருக்கும்.

மறைத்ததால் இழக்கும் உரிமை

சில வேளைகளில் சிறிய காரணத்தைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக, பெரிய காரணத்தைச் சிறிதாக்கிவிடுகிறோம். கருச்சிதைவு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கூச்சத்தாலும் வேதனையாலும் ‘வயிற்று வலி’ என்று எழுதி, நான்கு நாள் சி.எல். போட்டுவிட்டு, ஐந்தாம் நாள் தள்ளாடியபடி வேலைக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், கருச்சிதைவுக்குப் பிறகு ஊதியத்தோடு ஆறு வார விடுப்பை உரிமையாகவே வகுத்தது. அதனால் நோய் உண்டானால் மேலும் ஒரு மாதம் வரை கேட்க வழி வைத்தது. ஆனால் ‘வயிற்று வலி’ என்ற சொற்களுக்கு அந்தக் கதவு திறக்காது. உரிய சான்றோடு, ‘கருச்சிதைவு ஏற்பட்டுள்ளது’ என்ற இரண்டு சொற்கள்தான் அதைத் திறக்கும். விவரித்து எழுத வேண்டியதே இல்லை.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். உண்மையாக இருப்பது வேறு, முழுவதையும் கொட்டுவது வேறு. கணவன் மனைவிக்குள் பிரச்சினை, மனநல மருத்துவரைப் பார்ப்பது, வேறு வேலைக்கு நேர்முகத் தேர்வு ஆகியவற்றை அலுவலகத்துக்குத் தெரிவிக்க எந்தக் கட்டாயமும் இல்லை. ‘குடும்பத்தில் ஒரு தனிப்பட்ட வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஒரு நாள் வேண்டும்’ என்பது முழுக்க உண்மை. யாரும் பிறகு அதைப் பொய்யாக்க முடியாது. ‘சொந்த வேலை’ என்று எழுத வெட்கப்பட்டுத்தான் பலர் இல்லாத நோயை வரவழைக்கிறார்கள். சொல்ல விரும்பாததற்கு வாய் மூடிக்கொள்ளலாம். அந்த இடத்தில் வேறொன்றை நட்டு வைக்க வேண்டியதில்லை. காரணம் சுருங்கும்போது மற்ற விவரங்களைச் சற்றுக் கூடுதலாகத் தந்தால் போதும்: எந்த நாள், எப்போது திரும்புவேன், வேலையை யாரிடம் விட்டிருக்கிறேன் என்பன.

உண்மையைச் சொல்லியும் விடுப்பு மறுக்கப்படலாம். அப்போது 67-ஆவது விதி காட்டிய திசையில் பேச இடம் இருக்கிறது. ‘வியாழக்கிழமை ஆள் இல்லை’ என்று மேலாளர் சொன்னால், ‘சரி சார், காலையில் வந்து அந்த வேலையை முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் அரை நாள் போகட்டுமா?’ என்று கேட்கலாம். கல்யாணத்துக்குப் போகிறவர் முகூர்த்தத்தை விட்டு வரவேற்புக்குப் போகலாம். காய்ச்சல் என்று எழுதியவர் அரை நாள் பேரம் பேச முடியாது. மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் காய்ச்சலை யார் நம்புவார்?

கடைசியாக, பழி முழுவதையும் எழுதுகிறவர் தலையில் போடுவது நியாயம் ஆகாது. ‘கோயில் திருவிழாவா? அதற்கெல்லாம் லீவா?’ என்று ஒருவரை நாலு பேர் முன்னால் கேலி செய்துவிட்டு, அடுத்த மேசைக்காரர் எழுதிய காய்ச்சலுக்கு உடனே கையெழுத்துப் போடும் மேலாளர், தன் அலுவலகம் முழுவதற்கும் பாடம் எடுத்துவிடுகிறார். அடுத்த திருவிழாவுக்கு அவருக்குக் காய்ச்சல் கடிதங்கள்தாம் வரும். ஆள் எண்ணிக்கையை முன்கூட்டியே அறியும் வாய்ப்பை அவரே கெடுத்துக்கொள்கிறார். திருவிழா என்று பத்து நாள் முன்பே சொன்ன மூன்று பேரில் இருவருக்கு விடுப்புக் கொடுத்து, மூன்றாமவருக்கு ‘அடுத்த முறை உங்களுக்குத்தான் முதலில்’ என்று சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றும் மேலாளருக்கு விடிகாலையில் திடீர்க் காய்ச்சல் செய்திகள் குறைவாகவே வரும். அவருடைய ஊழியர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. அங்கே அதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது.